1 படி அரிசிக்கு எலுமிச்சங்காயளவு புளி 5: ஒரு நோட்டுக் குறிப்பைச் செய்முறையாக்கிய விதம்

நோட்டில் இருந்தது இவ்வளவுதான். எழுத்துப்பிழைகளோடு அப்படியே தருகிறேன்.

"பதினெட்டுக்கு புளிக்காச்சல். 1 படி அரிசிக்கு. புளி எலுமிச்சங்கா 5. மொளகா 1 பலம். நல்லெண்ணை ஆழாக்கு மேலுக்கு வேற. வெந்தயம் 1 ரூ எடை எள்ளு 2 ரூ எடை தனியா 2 ரூ வறுத்து பொடி கடசீல பெருங்காயம் காலணா. க.பருப்பு வேர்க்கடலை பிடி. கடுகு கருவேப்பிலை தாளிச்சு கரைச்சு ஊத்தி மஞ்சப்பொடி உப்பு போட்டு சுண்ட கொதிக்கணும் எண்ணை மேல வரணும். வெல்லம் நெல்லிக்கா. சாதம் ஆறவச்சு."

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இருக்கும் பழைய கணக்கு நோட்டின் நடுப்பக்கம் இது. முன்னாலும் பின்னாலும் பால் கணக்கு, கூலிக் கணக்கு, கொடுத்தது வாங்கியது. எழுதியவர் காலமாகி வெகுநாளாகிறது. அவருடைய மருமகள் இருக்கிறார், எண்பதை நெருங்கும் வயது. வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. பேரப்பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு, ஆடிப்பெருக்குக்கு அந்தப் புளியோதரையைச் செய்ய ஒழுங்கான அளவு வேண்டும் என்று கேட்டார்கள். குடும்ப நண்பர் என்ற முறையில் வேலை என்னிடம் வந்தது.

குறிப்பில் பொருட்களும் செய்முறையும் ஒரே மூச்சில் கலந்து கிடக்கின்றன. அளவுகளைப் பார்த்தால் ஐந்து வகை: கொள்ளளவு (படி, ஆழாக்கு), எடை (பலம், ரூ எடை), காய் அளவு (எலுமிச்சங்காய், நெல்லிக்காய்), கை அளவு (பிடி), விலை (காலணா). உப்புக்கும் மஞ்சள்பொடிக்கும் தண்ணீருக்கும் அளவே கிடையாது. இணையத்தில் ஒரு பட்டியலைத் தேடி எல்லாவற்றையும் கிராமாக மாற்றிவிடலாம் என்று நினைத்தால் கெட்டது காரியம். ஒவ்வொரு வகையையும் வேறு வேறு வழியில்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் வாசிப்பு

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவருவதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் ணை, லை, னை போன்றவற்றைக் கொம்பு போட்ட பழைய வடிவத்தில் எழுதுவார்கள். எண்ணெயை "எண்ணை" என்று எழுதும்போது அந்தக் கொம்பு வந்துவிடும். இளையவர்கள் அதில்தான் தடுக்கி விழுகிறார்கள். பேத்தி ஒருத்தி படம் பிடித்துத் தானே படித்து அனுப்பியிருந்த பிரதியில் "நல்லெண்" என்பதோடு நின்று ஒரு கேள்விக்குறி இருந்தது. அது சின்ன விஷயம், பெரியம்மா படித்துக் காட்டியதும் தீர்ந்தது.

"ரூ எடை"தான் பெரிய விஷயம். அதே பிரதியில் அது "2 ரூபாய்க்கு எள்" என்று மாறியிருந்தது. விலை அல்ல, எடை. வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய் நாணயம் சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தராசின் ஒரு தட்டில் நாணயத்தைப் போட்டு மறுதட்டில் பொருளை நிறுப்பார்கள். அதனால் 1 ரூ எடை வெந்தயம் என்றால் ஏறக்குறைய 12 கிராம், 2 ரூ எடை எள் என்றால் 23 கிராம். 3 தோலா சேர்ந்தால் 1 பலம், 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. இந்த வரிசை ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால் எடைக் கணக்கில் குழப்பம் குறைவு. மிளகாய் 1 பலம் என்றால் 35 கிராம், கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

தனியாவுக்கு மட்டும் "2 ரூ" என்று நின்றுவிட்டது, "எடை" இல்லை. அதையும் எடையாகவே எடுத்துக்கொண்டேன். ஒரே வரியில், எள்ளுக்கு அடுத்து வருகிறது. அந்தக் காலத்தில் இரண்டு ரூபாய்க்குத் தனியா வாங்கினால் மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் "பெருங்காயம் காலணா" அப்படியல்ல. அது விலைதான். கடையில் காலணாவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பார்கள், அதை முழுவதும் போடுவார்கள். எந்த ஆண்டு, எந்தக் கடை, எவ்வளவு கலப்படம் என்று தெரியாமல் அதைக் கிராமாக்க வழியே இல்லை. நோட்டில் அணாக் கணக்கு இருப்பதால் 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன் எழுதியது என்று சொல்லத் தோன்றும். அதற்குப் பிறகும் பலகாலம் வீட்டுப் பெண்கள் அணாவிலேயே பேசினார்கள் என்பதால் அதையும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. பெருங்காயத்தை "சமைத்துப் பார்த்து முடிவு" என்று குறித்துத் தள்ளிவைத்தேன்.

எந்தப் படி?

"1 படி அரிசிக்கு" என்பதுதான் முழுக் குறிப்புக்கும் ஆதாரம். அது தவறினால் எல்லாம் தவறும். ஒரு படிக்கு 8 ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு என்பதில் சண்டை இல்லை. படி எவ்வளவு கொள்ளும் என்பதில்தான் சண்டை. பட்டணம் படி என்ற பெரிய படி 1.7 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆழாக்குக்கு 168 மில்லி என்று இன்று பரவலாகச் சொல்லும் கணக்கில் படி 1.35 லிட்டர்தான் வரும். இரண்டுக்கும் இடையே கால் பங்கு வித்தியாசம். எண்ணெய்க்கு அது பெரிதாகத் தெரியாது, அரிசிக்குத் தெரியும்: அதே காய்ச்சலைக் கூடுதல் அரிசியில் கலந்தால் வெளிறிப்போய்ச் சப்பென்று இருக்கும்.

நல்லவேளையாக அந்த வீட்டில் பித்தளைப் படியும் ஆழாக்கும் பரணில் இருந்தன. துலக்கித் தராசில் வைத்து, காலியாக ஒரு முறை, தண்ணீர் விளிம்பு வரை நிரப்பி ஒரு முறை நிறுத்தோம். தண்ணீர் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்பதால் கழித்தால் கொள்ளளவு. படி 1350ஐ ஒட்டி வந்தது, ஆழாக்கு 170ஐ ஒட்டி. ஆக, சின்னப் படி.

அதோடு முடியவில்லை. படியில் அரிசியைத் தலைதட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா? தலைதட்டி அளந்து நிறுத்தால் 1.1 கிலோ, கோபுரமாகக் குவித்தால் 1.25 கிலோவுக்கு வந்துவிட்டது. பெரியம்மாவைக் கேட்டேன்.

"பெரியம்மா, உலைக்கு அளக்கும்போது குவிப்பீங்களா, தட்டுவீங்களா?"

"கூலிக்கு அளந்தா குவிச்சுக் கொடுக்கணும்மா. நம்ம அடுப்புக்குன்னா தட்டித்தான். என் மாமியார் விரலாலேயே வழிச்சுடுவாங்க."

எனவே 1.1 கிலோ. நிறுத்துவதற்கு முன் இதைக் கேட்டிருந்தால் "ஒரு படின்னா ஒரு படிதான்" என்ற பதில்தான் வந்திருக்கும். எண்களை முன்னால் வைத்து, இது 150 கிராம் வித்தியாசம் என்று காட்டியபின் கேட்டால்தான் நினைவு சரியான இடத்துக்குப் போகிறது. படியே இல்லாத வீட்டில் என்ன செய்வது? புளிக்கும் அரிசிக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கலாம். புளியோதரையில் ஒரு பங்கு கொட்டை நீக்கிய புளிக்கு ஐந்திலிருந்து ஏழு பங்கு அரிசி வரை போகும். இந்தக் குறிப்பைப் பெரிய படி என்று வைத்தால் எட்டு மடங்காகிறது, கொஞ்சம் அதிகம். சின்னப் படியில் ஆறேகால் மடங்கு. பாத்திரம் சொன்னதோடு அது ஒத்துப்போகிறது.

எலுமிச்சங்காயளவு என்பது எவ்வளவு?

மேலே ஆறேகால் என்று சொன்னதற்குப் புளியின் எடை தெரிந்திருக்க வேண்டும். அது இரண்டு வழியில் கிடைத்தது. ஒன்று, பெரியம்மாவின் கை. புளி ஜாடியைத் தராசின் மேல் வைத்து, தராசைச் சுழியாக்கிவிட்டு, "ஒரு எலுமிச்சங்காய் எடுங்க" என்றேன். அவர் எடுத்து உருட்டியதும் தராசு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தேன். கேட்டு எழுதுவதைவிட இந்த வழி நம்பகமானது. கையில் எடுத்ததைக் கிண்ணத்தில் போடச் சொல்லி நிறுத்தால், நாம் பார்க்கிறோம் என்று தெரிந்து கை தடுமாறும், கொஞ்சம் சேர்ப்பார்கள், கொஞ்சம் எடுப்பார்கள். ஜாடியைத் தராசில் விட்டுவிட்டால் அவர்கள் பாட்டுக்கு எடுப்பார்கள். ஐந்து உருண்டைகளும் 33க்கும் 38க்கும் இடையே விழுந்தன, கூட்டினால் 177 கிராம்.

இரண்டாவது வழி நோட்டிலேயே இருந்தது. வேறொரு பக்கத்தில், அடுத்த வீட்டுக்குக் கைமாற்றாகக் கொடுத்தவை பட்டியலில், "பதினெட்டுக்கு புளி 5 பலம்" என்று ஒரு வரி. 5 பலம் 175 கிராம். ஐந்து எலுமிச்சங்காய், ஐந்து பலம்: எழுதியவரின் கணக்கில் எலுமிச்சங்காயளவு என்பதே ஒரு பலம்தான் போலிருக்கிறது. இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கையும் கணக்கும் ஒரே எண்ணைக் காட்டும்போது 175 என்று எழுதத் தயங்கத் தேவையில்லை. சமையல் குறிப்பைப் படியெடுப்பவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். முழு நோட்டையும் புரட்டுங்கள், மளிகைக் கணக்கில்தான் பாதி விடை இருக்கும்.

இந்த 175 கிராம் எந்தப் புளி என்பதையும் எழுதியாக வேண்டும். டெல்டா வீடுகளில் மாசி, பங்குனியில் புளி வாங்கி, வெயிலில் காயவைத்து, கொட்டையும் நாரும் எடுத்து, உப்பு போட்டு ஜாடியில் அடைப்பார்கள். பெரியம்மா எடுத்தது அப்படிப்பட்ட, ஒரு வருடம் கடந்த கறுத்த புளி. கடையில் கொட்டையோடு வாங்கினால் அதே சதைக்குக் கூடுதலாக எடுக்க வேண்டும். புதுப் புளியில் செய்தால் காய்ச்சல் சிவந்து வெளிறி நிற்கும், சுவை கெடாது என்றாலும் பேரப்பிள்ளைகள் "பாட்டி கலர் வரலை" என்பார்கள்.

பிடி அளவுகளையும் இதே ஜாடி முறையில் எடுத்தேன். கடலைப்பருப்பு 40 கிராம், வேர்க்கடலை 45 கிராம். இவற்றில் பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. வெந்தயத்தில் அப்படி முடியாது, 12 கிராம் 18 ஆனால் முழுப் பாத்திரமும் கசக்கும். பட்டியலில் எல்லாவற்றையும் ஒரே கறார்த்தனத்தோடு எழுதுவது படிப்பவரைத் தவறான இடத்தில் கவனிக்க வைக்கும் என்பது என் எண்ணம். எனவே கைநழுவக் கூடாத நான்கின் பக்கத்தில் மட்டும் நட்சத்திரக் குறி போட்டேன்: புளி, உப்பு, வெந்தயம், பெருங்காயம்.

"கடசீல" எதைச் சேர்ந்தது?

"வறுத்து பொடி கடசீல பெருங்காயம் காலணா." நிறுத்தற்குறி இல்லை. கடைசியில் போக வேண்டியது பொடியா, பெருங்காயமா? வாக்கியத்தை வைத்துத் தீர்க்க முடியாது, அடுப்பை வைத்துத் தீர்க்கலாம். வறுத்த வெந்தயப் பொடி புளிக்கரைசலில் நீண்ட நேரம் கொதித்தால் கசப்பு ஏறும், எள்ளின் மணமும் போய்விடும். அதனால் பொடி கடைசியில்தான். கட்டிப் பெருங்காயம் நேர்மாறு: சூடான எண்ணெயில் பொரிந்து உப்பினால்தான் உள்ளே இருக்கும் காரல் அடங்கி மணம் வரும். அது எல்லாவற்றுக்கும் முன்னால், எண்ணெய் காய்ந்ததும். அதாவது குறிப்பில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பொருட்கள் செய்முறையில் இரு முனைகளில் இருக்கின்றன. பெரியம்மாவிடம் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "காயத்தைப் பொரிக்காம எப்படிம்மா?" என்றார்.

வேலைகளை வரிசைப்படுத்த நான் செய்வது இதுதான்: குறிப்பில் உள்ள ஒவ்வொரு வினைச்சொல்லையும் தனித்தனிக் காகிதத் துண்டில் எழுதிக்கொள்வேன். வறுத்து, பொடி, தாளிச்சு, கரைச்சு, ஊத்தி, போட்டு, சுண்ட, வரணும், ஆறவச்சு. பிறகு, பொருளின் பெயருக்குள்ளேயும் சொல்லாமல் விட்டதிலும் ஒளிந்திருக்கும் வேலைகளைச் சேர்ப்பேன். புளியைக் கரைக்க வேண்டுமானால் அதற்கு முன் ஊற வேண்டும், எனவே முதல் துண்டு அதுதான், அது குறிப்பிலேயே இல்லை. சாதம் ஆற வேண்டுமானால் காய்ச்சல் கொதிக்கும்போதே உலை வைத்திருக்க வேண்டும். துண்டுகளைத் தரையில் பரப்பி, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்து அடுக்கினால் வரிசை தானாக விழும்.

மிளகாயில் ஒரு சிக்கல் வந்தது. பெரியம்மா தாமே செய்யும்போது நாலைந்து மிளகாயை எள், தனியாவோடு வறுத்துப் பொடிக்கிறார். நோட்டில் மிளகாய் பொடி வரியில் இல்லை, புளிக்கு அடுத்துத் தனியே நிற்கிறது. "என் மாமியார் கிள்ளித் தாளிக்கத்தான் செய்வாங்க. பொடியில போடறது எங்க அம்மா வீட்டுப் பழக்கம்" என்று அவரே சொன்னார். நோட்டின்படியே எழுதினேன், அவருடைய முறையைக் கீழே தனிக் குறிப்பாக வைத்தேன். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் யாருடைய சமையலாகவும் இல்லாத ஒன்று கிடைக்கும்.

அடுப்பில்

அளவு இல்லாத மூன்றையும் சமைக்கும்போது பிடித்தோம். புளியை 400 மில்லி வெந்நீரில் ஊறவைத்து, கரைத்துப் பிழிந்து, மீண்டும் 300 ஊற்றிப் பிழிந்தார். மொத்தம் 700 மில்லி. இதில் கூடக்குறைய இருந்தால் கொதிக்கும் நேரம்தான் மாறும், முடிவு மாறாது. உப்பு ஜாடியை நிறுத்துப் பார்த்தபோது 40 கிராம் கல்லுப்பு போயிருந்தது. கல்லுப்பையும் தூளுப்பையும் கரண்டியால் அளந்தால் ஒத்துவராது, கல்லுக்கு நடுவே காற்று நிற்கும். அதனால் எடை மட்டும்தான் எழுதினேன். மஞ்சள்பொடி 3 கிராம், ஒரு சின்னக் கரண்டி.

பெருங்காயத்துக்குப் பெரியம்மா கட்டியிலிருந்து உடைத்த துண்டு 3 கிராம். காலணாவுக்கு இவ்வளவு கிடைத்ததா என்று தெரியாது, ஆனால் அவர் மாமியார் சமையலைச் சாப்பிட்ட நாக்கு அவருடையது. அட்டையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "பெரியம்மா அளவு" என்று எழுதினேன்.

"எண்ணை மேல வரணும்" என்பதை நிமிடமாக மாற்றும் ஆசை வரும். மாற்றக் கூடாது. அகன்ற வாணலியில் 25 நிமிடத்தில் வருவது குறுகிய பாத்திரத்தில் 40 நிமிடம் எடுக்கும். அடையாளத்தை விளக்கமாக எழுதுவதுதான் பயன்: முதலில் சின்னச் சின்னக் கொதியாகத் தெறிக்கும், கெட்டியாக ஆகக் கொதி பெரிதாகி மெதுவாக வெடிக்கும், பிறகு ஓரத்தில் எண்ணெய் வளையம் கட்டும். கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் அது உடனே மூடாது. இதோடு ஒரு புது அடையாளமும் சேர்த்தேன்: எடை. வாணலியின் எடையை முன்பே குறித்து வைத்திருந்ததால், பொடியும் போட்டு முடிந்த காய்ச்சல் 650 கிராமை ஒட்டி இருந்தது தெரிந்தது. 800 இருந்தால் இன்னும் தண்ணீர் நிற்கிறது, அது இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். 550க்குக் கீழே போனால் இறுகிச் சாதத்தில் கலக்காது, கட்டிகட்டியாக நிற்கும்.

சுவை பார்க்கும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கலந்த உடனே வாயில் போட்ட பேரன், "உப்பும் புளிப்பும் தூக்கலா இருக்கே, குறைச்சு எழுதுங்க" என்றான். அவன் சொன்னது உண்மை, ஆனால் குறைக்கவில்லை. இது காலையில் கலந்து, வாழை இலையில் கட்டி, சாயங்காலம் காவிரிக்கரையில் பிரிப்பதற்காக எழுதிய அளவு. நாலு மணி நேரத்தில் சாதம் காய்ச்சலை இழுத்துக்கொள்ளும், தூக்கல் அடங்கும். மாலையில் அதே பேரன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். பழைய குறிப்பைச் சோதிக்கும்போது அது எப்போது சாப்பிடுவதற்காக எழுதியது என்று முதலில் கேட்க வேண்டும். இல்லையென்றால் சரியாக இருக்கும் உப்பை நாமே திருத்திக் கெடுத்துவிடுவோம்.

முடிந்த அட்டை

பதினெட்டாம் பெருக்குப் புளியோதரை
(1.1 கிலோ பச்சரிசி. கலந்து 4 மணி நேரம் கழித்துச் சாப்பிட. நட்சத்திரம் உள்ளவற்றை நிறுத்தே போடவும்.)

ஊறவைக்க
- கொட்டை, நார் நீக்கிய பழைய புளி: 175 கிராம் *
- வெந்நீர்: 400 மி.லி., பிறகு 300 மி.லி.

வறுத்துப் பொடிக்க (எண்ணெய் இல்லாமல்)
- தனியா: 23 கிராம்
- வெந்தயம்: 12 கிராம் *
- எள்: 23 கிராம்

தாளிக்க
- நல்லெண்ணெய்: 170 மி.லி.
- கட்டிப் பெருங்காயம்: 3 கிராம் * (பெரியம்மா அளவு)
- கடுகு: 1 தேக்கரண்டி
- கடலைப்பருப்பு: 40 கிராம்
- வேர்க்கடலை: 45 கிராம்
- காம்பு நீக்கிய காய்ந்த மிளகாய்: 35 கிராம், கிள்ளியது
- கறிவேப்பிலை: 2 ஆர்க்கு

கொதிக்கும்போது
- மஞ்சள்பொடி: 3 கிராம்
- கல்லுப்பு: 40 கிராம் *
- வெல்லம்: 12 கிராம் (நெல்லிக்காயளவு)

கலக்க
- 1.1 கிலோ அரிசியை உதிரியாக வடித்த சாதம்
- பச்சை நல்லெண்ணெய்: 50 மி.லி.

செய்முறை

1. புளியை 400 மி.லி. வெந்நீரில் அரை மணி ஊறவைத்துக் கரைத்துப் பிழியவும். சக்கையில் 300 மி.லி. ஊற்றி மீண்டும் பிழிந்து சேர்க்கவும்.
2. தனியாவை மணம் வரும்வரை வறுத்து எடுக்கவும். அதே வாணலியில் வெந்தயத்தைச் சிவக்க, கறுக்காமல் வறுக்கவும். கடைசியில் எள்ளை அது வெடிக்கும்வரை வறுக்கவும்.
3. ஆறியபின் தனியா, வெந்தயத்தை நைசாகப் பொடிக்கவும். எள்ளைச் சேர்த்து விட்டுவிட்டு இரண்டு சுற்று மட்டும் சுற்றவும். விடாமல் அரைத்தால் எண்ணெய் விட்டுக் கட்டியாகும்.
4. எண்ணெயைக் காயவைத்துப் பெருங்காயத்தைப் பொரித்து எடுத்து நுணுக்கி வைக்கவும்.
5. அதே எண்ணெயில் கடுகு வெடித்ததும் கடலைப்பருப்பு, வேர்க்கடலை. இரண்டும் பொன்னிறமானபின் தீயைக் குறைத்து மிளகாய், கறிவேப்பிலை.
6. உடனே புளிக்கரைசலை ஊற்றவும். மஞ்சள்பொடி, உப்பு, நுணுக்கிய பெருங்காயம் சேர்த்து மிதமான தீயில் கொதிக்கவிடவும். இந்த நேரத்தில் உலை வைக்கவும்.
7. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டிக்கோடு மூடாமல் நின்றதும் வெல்லத்தைப் போட்டுக் கரையவிட்டு, பொடியைத் தூவிக் கிளறி இரண்டு நிமிடத்தில் இறக்கவும். மொத்தம் 650 கிராம் இருக்கும்.
8. சாதத்தை அகலமான தாம்பாளத்தில் கொட்டிப் பச்சை எண்ணெய் விட்டு ஆறவைக்கவும். கைச்சூட்டுக்கு வந்ததும் காய்ச்சலை மூன்று தவணையாகக் கலக்கவும்.

குறிப்பு: பெரியம்மா முறையில், மிளகாயில் ஐந்தை எடுத்துப் பொடியோடு வறுத்துச் சேர்க்கலாம்.

வெல்லம் பற்றி நோட்டு எப்போது என்று சொல்லவில்லை, கடைசி வரியில் வருகிறது என்பதால் ஏழாவது படியில் வைத்தேன். முன்னாலேயே போட்டால் அடிபிடிக்கும் என்பது கூடுதல் காரணம். வேர்க்கடலை கரைசலோடு கொதித்து மெத்தென்று ஆகிவிடும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் பொரித்து எடுத்துவைத்து சாதத்தில் போடலாம், ஆனால் நோட்டிலும் பெரியம்மா கையிலும் அப்படி இல்லை.

துபாயிலிருந்து உடனே கேள்வி வந்தது: கால் கிலோ அரிசிக்கு எப்படிக் குறைப்பது? எல்லாவற்றையும் 4.4ஆல் வகுத்தால் புளி 40 கிராம், உப்பு 9 கிராம், வெந்தயம் 3 கிராம் சரியாக வரும். எண்ணெய் அப்படிக் குறையாது. சின்ன அளவு வாணலியில் மெல்லிசாகப் பரவிச் சீக்கிரம் அடிபிடிக்கும், எனவே 39 மில்லிக்குப் பதில் 55 வைக்கச் சொன்னேன். தண்ணீரை 180ஆகக் குறைத்து, சின்ன வாணலியில், பத்து நிமிடத்திலிருந்தே கரண்டிக்கோடு போட்டுப் பார்க்க வேண்டும். பெருங்காயம் முக்கால் கிராமுக்கு வந்துவிடுகிறது, வீட்டுத் தராசு அதைக் காட்டாது. அதற்கு முழு அளவுக் காய்ச்சலையே செய்து, எள்ளை மட்டும் சேர்க்காமல் பாட்டிலில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைப்பது சுலபம். எள் சேர்ந்தால் நாள்பட்டுச் சிக்கு வாடை வந்துவிடும். கால் கிலோ அரிசிக்கு அந்தக் காய்ச்சலில் 140 கிராமை நிறுத்து எடுத்து, 5 கிராம் எள்ளை அவ்வப்போது வறுத்துப் பொடித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.